வாடகைக்கு எடுக்கும் கல்யாண உடை: ட்ரையலில் இருந்து டெபாசிட் கைக்கு வரும் வரை

கடையில் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். இனி விசேஷத்துக்கு முந்தைய நாள் போய் எடுத்து வந்தால் போதும்தானே?

போதாது. நீங்கள் போட்டுப் பார்த்த நாளுக்கும் எடுக்கப்போகும் நாளுக்கும் நடுவில் அதே உடையை வேறு இரண்டு மூன்று பேர் உடுத்தியிருக்கலாம். ஒருவருக்காக இடுப்பைப் பிடித்துத் தைத்திருப்பார்கள், இன்னொருவருக்காகப் பிரித்து விட்டிருப்பார்கள், கையின் நீளத்தை ஏற்றியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, இஸ்திரி போட்டு, மறுபடி தொங்கவிட்டிருப்பார்கள். சொந்தத் துணியில் இந்த மாற்றங்கள் எதுவும் நமக்குத் தெரியாமல் நடக்காது. வாடகைத் துணியில் அது அன்றாட வேலை. அதனால் அளவையும் சுத்தத்தையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: தேர்ந்தெடுக்கும்போது ஒரு தடவை, கையில் வாங்கும்போது இன்னொரு தடவை.

வாடகை உடைக் கடை ஒன்றின் கவுண்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் தரையைத் தொடும் நீளக் கவுன் ஒன்றை, விழாவுக்கு மூன்று வாரம் முன்பே தேர்ந்தெடுத்தார். கூடவே வந்த அவர் அம்மா கைப்பையில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, இடுப்புத் தையலில் இருந்து கீழ் மடிப்பு வரை அளந்து, 106 செ.மீ. என்று பில்லிலேயே எழுதச் சொன்னார். எடுக்க வந்த அன்று திரும்ப அளந்தால் 102. நடுவில் உயரம் குறைந்த வேறொருவருக்காக மடிப்பை ஏற்றித் தைத்திருந்தோம், அவர் திருப்பிக் கொடுத்த பிறகு இறக்கிவிட மறந்துவிட்டோம். ஹேங்கரில் தொங்கும்போது அந்த 4 செ.மீ. யார் கண்ணுக்கும் படாது. போட்டுக்கொண்டு நின்றால் செருப்பு முழுக்கத் தெரியும். டெய்லர் அரை மணி நேரத்தில் மடிப்பைப் பிரித்து இறக்கி, பழைய மடிப்பின் கோட்டை நீராவியில் எடுத்துக் கொடுத்தார். விழா மாலையில் வீட்டில் இதைக் கண்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆகவே ட்ரையல் முடிந்ததும் மூன்று நான்கு அளவுகளைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கோட் என்றால் கை நீளம், பேன்டின் இடுப்பு, பேன்டின் நீளம். கவுன் என்றால் மார்பு, இடுப்பு, இடுப்பில் இருந்து கீழ் மடிப்பு வரை. ஆல்டர் செய்யப் போகிறார்கள் என்றால், செய்து முடித்த பின் இருக்க வேண்டிய அளவை எழுதச் சொல்லுங்கள்.

கொஞ்சம் லூஸாக இருக்கிறது, ஆல்டர் செய்து தருகிறேன் என்கிறார் கடைக்காரர். எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது?

வாடகை உடையைக் கடைக்காரர் வெட்ட மாட்டார். அடுத்த ஆளுக்கும் அதே உடை வேண்டும் அல்லவா? அதனால் அவர் செய்வதெல்லாம் நூலோட்டிப் பிடிப்பதும், முன்பு பிடித்ததைப் பிரித்து விடுவதும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எது முடியும், எது முடியாது என்பது தானாகப் புரியும்.

கோட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டி வெளியே தொங்கினாலும், உள்ளே ஏறி நின்றாலும் அந்தக் கோட்டை வைத்துவிட்டு வேறு கேளுங்கள். தோளைச் சரிசெய்ய வேண்டுமானால் கையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பேடை எடுத்து, முழுதாகத் திரும்பத் தைக்க வேண்டும். ஒரு நாள் வாடகைக்காக எந்தக் கடையும் அதைச் செய்யாது, செய்தாலும் ஒழுங்காக வராது. அடுத்தது கழுத்தின் பின்பக்கம். கோட்டின் காலர் சட்டைக் காலரை ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் அதுவும் எளிதில் தீராத குறை.

பட்டன் போட்டால் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் இழுத்தால் வயிற்றுப் பக்கம் டைட். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் கொஞ்சம் பிரித்து விடலாம். லைனிங்கைத் தூக்கி உள்தையலில் எவ்வளவு துணி இருக்கிறது என்று டெய்லரையே காட்டச் சொல்லுங்கள். உள்ளே துணி இல்லாவிட்டால் அவர் என்ன சொன்னாலும் அது பெரிதாகாது. கை நீளம், பேன்டின் இடுப்பு, பேன்டின் நீளம் ஆகியவற்றில் கவலைப்பட வேண்டாம், அவை தினமும் செய்கிற வேலை.

கவுனில் தோளின் இடத்தை மார்புப் பகுதி பிடித்துக்கொள்கிறது. ஜிப் யாரும் துணியை இழுத்துப் பிடிக்காமல் மேலே ஏற வேண்டும். இரண்டு பக்கத் துணியையும் ஒருவர் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் ஜிப்பை ஏற்றும்படி இருந்தால் வேண்டாம். விழாவில் உட்காரும்போது முதலில் விடுவது அந்த ஜிப்தான். முதுகில் கயிறு கோத்துக் கட்டும் மாதிரி இருந்தால் சில செ.மீ. கூடக்குறைய விட்டுக்கொடுக்கும், அளவில் சந்தேகம் உள்ளவர்களுக்கு அதையே நான் எடுத்துக் காட்டுவேன். தோளில் பட்டை இல்லாத கவுன் இடுப்பில் நின்றுதான் கீழே இறங்காமல் இருக்கும். அதனால் அதில் இடுப்பு லூஸாக இருந்தால் மார்பைப் பிடித்துத் தைத்துப் பயனில்லை, இரவு முழுக்க மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

டைட்டாக இருப்பதை எடுப்பதா, லூஸாக இருப்பதை எடுப்பதா என்ற குழப்பம் வந்தால் லூஸை எடுங்கள். பிடித்துத் தைக்க முடியும், இல்லாத துணியை வரவழைக்க முடியாது.

கண்ணாடி முன் நின்றால் நன்றாகத்தான் இருக்கிறது. வேறு எப்படிச் சோதிப்பது?

பத்து நிமிடம் அதிலேயே இருங்கள். உட்காருங்கள், குனிந்து தரையில் இருந்து ஒரு பொருளை எடுங்கள், இரண்டு கைகளையும் ஒருவரைக் கட்டிப்பிடிப்பது போல முன்னால் கொண்டு வாருங்கள். கோட்டின் முதுகு இழுக்கிறதா, கவுனின் மேல்பகுதி இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கடையில் படி இருந்தால் நான்கு படி ஏறி இறங்குங்கள். மணி, கல் வேலை நிறைந்த உடை கனமாக இருக்கும். அது தோளிலும் அக்குளிலும் உராய்வது முதல் நிமிடத்தில் தெரியாது, ஐந்து நிமிடம் ஆனபின் தெரியும்.

விழாவுக்குப் போடப்போகும் அதே செருப்பையும் உள்ளாடையையும் கொண்டு போங்கள். நீளம் முழுக்கக் குதிகாலைப் பொறுத்தது. 7 செ.மீ. குதிகாலுக்காக மடித்த கவுனைத் தட்டையான செருப்போடு போட்டால் காலில் மிதிபட்டுக் கிழியும். தரையில் இருந்து ஒன்றிரண்டு செ.மீ. தூக்கலாக இருந்தால் நடக்கச் சரியாக இருக்கும்.

அப்புறம் ஃபிளாஷ் போட்டு முன்னும் பின்னும் ஒரு புகைப்படம் எடுத்துப் பாருங்கள். அறை வெளிச்சத்தில் கெட்டியாகத் தெரிகிற வெளிர் நிறத் துணி, ஃபிளாஷில் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். விழாவில் உங்களை எடுக்கப் போவது அந்த வெளிச்சத்தில்தான்.

எத்தனை நாள் முன்னால் போக வேண்டும்?

தேர்ந்தெடுப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால். கையில் வாங்குவதற்கு, வாடகைக் கணக்கு இடம் கொடுத்தால், விழாவுக்கு முந்தைய நாள் காலையில். மாலையில் போனால் டெய்லர் கிளம்பியிருப்பார். உடல் எடை மாறிக்கொண்டிருப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைகளுக்கு எடுப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்தாலும் ஒரு வாரத்துக்கு முன் இன்னொரு ட்ரையலைக் கேட்டு வாங்க வேண்டும்.

'டிரை கிளீனிங் செய்துதான் வைத்திருக்கிறோம்' என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு வாடகைக்குப் பிறகும் செய்கிறீர்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். கல், மணி, ஜரிகை வேலை மிகுந்த உடைகளைப் பல கடைகளில் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுத்தம் செய்வதில்லை. கறை தெரிந்த இடத்தை மட்டும் துடைத்து, நீராவி காட்டி, காற்றாட விட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நீராவி சுருக்கத்தை எடுக்கும், அழுக்கை எடுக்காது.

உண்மையாகவே டிரை கிளீனிங் செய்திருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதில் பயன்படுவது தண்ணீர் அல்ல, எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் திரவம். மேக்கப், எண்ணெய்க் கறை நன்றாகப் போகும். வியர்வையின் உப்பு தண்ணீரில் கரைவது, அதனால் அதற்கென்று தனியாகக் கவனித்தால்தான் முழுதாகப் போகும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் கோட்டின் அக்குளில் பழைய வாடை தங்கிவிடுவது இப்படித்தான்.

ஆகவே உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கத்தைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பார்க்க வேண்டியது லைனிங். காலரின் உள்மடிப்பு, கையின் கஃப் உள்பக்கம், அக்குள், இடுப்புப் பட்டை, நீள உடையின் கீழ் ஓரம் என்று ஐந்து இடம் போதும். காலர் உள்மடிப்பில் பழுப்பு அல்லது மேக்கப் நிறம் ஓடியிருந்தால் அது துவைக்காத துணி. கீழ் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை இருந்தால் முந்தைய ஆள் தரையில் இழுத்துக்கொண்டு நடந்ததை யாரும் சுத்தம் செய்யவில்லை.

வாடையைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அக்குள் பகுதித் துணியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திச் சூடாக்கி, பிறகு முகர்ந்து பாருங்கள். குளிர்ந்த துணியில் அடங்கியிருக்கும் வியர்வை வாடை, உடல் சூடு பட்டதும் எழும். கடையில் ஏசி ஓடும்போது எதுவும் தெரியாமல், மண்டபத்தில் போட்ட அரை மணியில் தெரிவது இதனால்தான். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் போன்ற ஒரு வாடை மட்டும் வந்தால் அது டிரை கிளீனிங் திரவத்தின் மிச்சம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு தொங்கவிட்டால் போய்விடும்.

வேறு ஆட்கள் போட்ட துணி என்பதால் தோல் தொற்று வருமா? பயமாக இருக்கிறது.

படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று, சரியாகச் சுத்தம் செய்யாத துணி வழியாகவும் பரவக்கூடியது. அதனால் இந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. உடைக்கும் தோலுக்கும் நடுவில் உங்களுடைய பருத்தி பனியனோ, ஸ்லிப்போ, முழுக்கால் உள்ளாடையோ இருக்கட்டும். வியர்வை உடையில் இறங்காமல் இருக்கவும் அது உதவும், திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு வராது. தையல் மடிப்புகளில் சிறு கருப்புப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். அந்த உடையை வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம். ஷூ, தொப்பி, கையுறை இவற்றை முடிந்தவரை சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

'இரண்டு நாள் வாடகை' என்று பில்லில் எழுதியிருக்கிறது. சனிக்கிழமை மாலை விழா, வெள்ளி மாலை 5 மணிக்கு எடுக்கிறேன். எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?

அந்த இரண்டு வார்த்தையை வைத்து யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது. மணிக்கணக்கில் எண்ணும் கடையில் 48 மணி நேரம், அதாவது ஞாயிறு மாலை 5 மணி வரை உங்களுடையது. நாள்கணக்கில் எண்ணும் கடையில் வெள்ளி ஒரு நாள், சனி ஒரு நாள். சனி இரவு கடை மூடுவதற்குள் கொடுக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் உடையோடு மேடையில் இருப்பீர்கள்! ஞாயிறு கடை விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை கொண்டு போனால் முதல் கணக்கில் விடுமுறையைக் கழித்துவிடலாம் என்று பேசலாம். இரண்டாவது கணக்கில் இரண்டு நாள் தாமதக் கட்டணம் விழும்.

ஆகவே நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 'இந்தத் தேதி, இத்தனை மணிக்குள்' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் வரும் விடுமுறையை எண்ணுவார்களா, தாமதமானால் ஒரு நாளைக்கு வாடகையில் எத்தனை பங்கு, அது எவ்வளவு வரை ஏறும் என்பதையும் அதே இடத்தில் எழுதி வாங்குங்கள். ஏறுவதற்கு எல்லை இல்லாவிட்டால், ஊருக்குப் போய் ஒரு வாரம் மறந்தவருக்கு டெபாசிட் முழுவதும் போய்விடும். அப்படி நடந்து கவுண்டரில் கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேதம் என்று சொல்லி டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு என்ன செய்வது?

எடுக்கும் அன்றே செய்ய வேண்டிய வேலை இது. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் உடையை நல்ல வெளிச்சத்தில் மேசையில் விரித்து முன்பக்கம், பின்பக்கம், கீழ் ஓரம், அக்குள், ஜிப் என்று கிட்டத்தில் புகைப்படம் எடுங்கள். கடையின் எண் சீட்டு உடையில் இருந்தால் அதுவும் படத்தில் விழட்டும். ஏற்கெனவே விழுந்துபோன கல், இழுத்த நூல், மங்கிய கறை எதைக் கண்டாலும் பில்லில் எழுதி, கடைக்காரர் கையெழுத்தோடு வாங்குங்கள். பெல்ட், கஃப் பட்டன், துப்பட்டா, உறை, ஹேங்கர் என்று கூட வருபவை எல்லாம் எண்ணிக்கையோடு அதில் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை பணம் பிடிக்கப்படுவது பெரிய கிழிசலுக்கு அல்ல, தொலைந்த கஃப் பட்டனுக்கும் திரும்பி வராத உறைக்கும்தான்.

கூடவே இன்னொரு கேள்வி கேளுங்கள்: உடை சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போனால் எவ்வளவு கேட்பீர்கள்? புது உடையின் விலையா, இத்தனை தடவை வாடகைக்குப் போன பழைய உடையின் மதிப்பா? அந்தத் தொகையை முன்பே எழுதிவிட்டால் பிறகு கடைக்காரர் கோபத்தில் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. மணி வேலை உள்ள உடையில் சில மணிகள் உதிர்வது இயல்பான தேய்மானம், அதைச் சேதமாக எண்ண மாட்டோம் என்று நேர்மையான கடை தயங்காமல் சொல்லும். சொல்லத் தயங்கினால் வேறு கடையைப் பார்ப்பது நல்லது.

விழாவில் கறை பட்டுவிட்டால் நானே துவைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ வைத்து மேலாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பட்டில் தண்ணீர் வைத்தால் கறையைவிடப் பெரிதாக நீர்வட்டம் விழும். முக்கியமாக இஸ்திரி போடக் கூடாது. நிறமில்லாத குளிர்பானம் சிந்தினால் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதிலுள்ள சர்க்கரை சூடு பட்டதும் பழுப்பாக மாறும், அப்புறம் போவது கடினம்.

திருப்பிக் கொடுக்கும்போது எந்த இடத்தில் என்ன சிந்தியது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்து, கடையில் இஸ்திரி போட்டபோது பழுப்புப் பட்டை எழுந்தால் அந்த உடை கெட்டது கெட்டதுதான். சொன்னால் சுத்தம் செய்பவர் அதற்கேற்ற முறையில் முதலில் அந்த இடத்தைக் கவனிப்பார், பல நேரம் காசு கூடப் பிடிக்க மாட்டார்கள். ஜிப் விட்டுப்போனால் அவசரத்துக்கு உள்பக்கமாக ஊக்குக் குத்துங்கள். பசை ஒட்ட வேண்டாம்.

டெபாசிட்டை எப்போது கேட்பது?

உடையைக் கொடுக்கும் அதே நேரத்தில், உங்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 'வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்றால், உடையைப் பெற்றுக்கொண்ட தேதி, நேரத்தோடு சீட்டு வாங்குங்கள், எத்தனை நாளில் முடிவு சொல்வார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். வேறு ஆள் மூலம் கொடுத்து அனுப்பினால் பில்லின் படத்தையும் எடுத்த அன்றைய புகைப்படங்களையும் அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். டெபாசிட்டுக்குப் பதில் அசல் அடையாள அட்டையைக் கேட்டால் நகலோடு நிறுத்துங்கள்.

கூரியரில் வரும் வாடகை உடையை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் விழாவுக்கு மூன்று நாளாவது முன்னால் கைக்கு வரும்படி பதிவு செய்தால்தான். ட்ரையல் இல்லாததால் எஸ், எம், எல் எழுத்தை நம்பாமல், உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு உடையை மேசையில் விரித்து அளந்து, அந்த எண்களை அவர்களின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியல் உடம்பின் அளவா, துணியின் அளவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும்போது கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உடை கூரியரிடம் ஒப்படைத்த நேரத்தில் வாடகை முடிகிறதா, அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்போதா என்பது பல இடங்களில் வேறுபடும்.

எடுக்கப் போன அன்று, 'முந்தைய ஆள் இன்னும் கொண்டு வரவில்லை, வேறு உடை தருகிறோம்' என்கிறார்கள். இது நடக்குமா?

நடக்கும். எங்கள் கடையிலேயே நடந்திருக்கிறது. பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் எழுதி வாங்கியிருந்தால் அந்த நேரத்தில் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. ஒன்று, மாற்று உடை உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும். இரண்டு, நீங்கள் பதிவு செய்ததைவிட வாடகை கூடிய உடையைக் கொடுத்தாலும் கூடுதல் பணம் கேட்கக் கூடாது. உங்கள் உடைக்கு முன்னும் பின்னும் எந்தத் தேதிகளில் பதிவு இருக்கிறது என்று ட்ரையல் அன்றே கேட்டுப் பாருங்கள். முந்தைய ஆள் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் நீங்கள் எடுக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாளாவது இல்லையென்றால், சுத்தம் செய்யவும் ஆல்டர் செய்யவும் நேரமே கிடையாது. அந்த உடை எவ்வளவு பிடித்திருந்தாலும் வேறு ஒன்றை எடுங்கள்.